கைக்குழியில் எழும் மேடு

யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவின் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்தால், இடது ஓரத்தில் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும் ஒரு கோடு தெரியும். அடியில் வீடியோவின் நேரம், பக்கவாட்டில் சதவீதம். அதைப் பார்த்ததும் பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தோன்றும்: கோடு இறங்கும் இடமெல்லாம் நாம் போரடித்த இடம், ஏறும் இடமெல்லாம் ஜனங்களுக்குப் பிடித்த இடம். நான் எடிட்டிங் செய்து கொடுக்கும் சேனல்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் படிக்கிறார்கள். பள்ளம் விழுந்த இடத்தை அடுத்த வீடியோவில் வெட்டச் சொல்வார்கள், மேடு எழுந்த இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்வார்கள். சொல்லிக்கொடுக்கும் வகை வீடியோக்களில், அதாவது தையல், சமையல், ரிப்பேர் போன்றவற்றில், இந்த இரண்டு முடிவுமே பல நேரம் தலைகீழாகப் போய்விடும்.

காரணம் கோடு எப்படிப் போடப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும், வீடியோவின் அந்தக் கணம் எத்தனை முறை ஓடியது என்பதை மொத்த வியூஸால் வகுத்து வரும் கணக்கு. பார்க்கிறவர் ஒருவர் அதே பத்து நொடியைப் பின்னால் இழுத்து மூன்று முறை பார்த்தால், அந்த இடத்துக்கு மூன்று சேரும். அதனால்தான் சில வீடியோக்களில் கோடு நூறு சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. திரையை இரண்டு முறை தட்டிப் பத்து நொடி முன்னால் தாவினால், தாண்டிய இடத்துக்கு எதுவும் சேராது, தாவி இறங்கிய இடத்திலிருந்து மறுபடி சேர ஆரம்பிக்கும். போனை மூடிவிட்டுப் போனால் அதற்குப் பிறகு எங்கேயும் சேராது. ஆக, விட்டுப் போகிறவர், தாண்டிப் போகிறவர், திரும்பி வருகிறவர் மூவரும் ஒரே கோட்டுக்குள் கலந்து கிடக்கிறார்கள். நிறுத்தி வைத்துவிட்டுத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறவர் இதில் தெரியவே மாட்டார். வீடியோ நின்றிருக்கும் நேரத்தில் எதுவும் ஓடுவதில்லை.

இந்த மூவரையும் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. வடிவத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். கோடு சட்டென்று இறங்கி, கொஞ்ச தூரம் போய், பழைய சரிவுக்கே ஏறி வந்துவிட்டால் அது தாண்டிப் போனது. இறங்கியது இறங்கியபடியே நின்றால் அது விட்டுப் போனது. தன் சரிவுக்கு மேலே எழும்பிப் பிறகு விழுந்தால் திரும்பி வந்தது, இல்லையென்றால் முன்னாலிருந்து தாவி அங்கே வந்து இறங்கியது. இந்தக் கடைசி இரண்டையும் பிரிக்க மேட்டுக்கு முந்தைய இடத்தைப் பார்க்க வேண்டும். மேட்டுக்கு முன்னால் பள்ளம் இருந்தால் தாவி வந்திருக்கிறார்கள். பள்ளமே இல்லாமல் மேடு மட்டும் எழுந்தால் பின்னால் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் சேனலை வைத்து இதைச் சொல்கிறேன். பிளவுஸ் கட்டிங், ஸ்டிச்சிங், பழைய அளவு ஜாக்கெட்டிலிருந்து அளவெடுப்பது, இவைதான் அவர் சொல்லிக்கொடுப்பது. கடையை மூடிய பிறகு வெட்டும் மேஜைக்கு மேலே ஸ்டாண்டில் போனைக் கவிழ்த்து மாட்டி ரெக்கார்ட் பண்ணுவார். நான் எடிட் செய்வேன். வீடியோ ஏறிய உடனே கிராஃப் வராது, ஒன்றிரண்டு நாள் ஆகும். வந்தாலும் நான் அப்போது தொடுவதில்லை. முதல் இரண்டு நாளில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மணி அடித்ததும் வருகிற பழைய சப்ஸ்கிரைபர்கள். அக்கா என்ன செய்தாலும் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு தேடி வருகிறவர்களும் ஹோம் பக்கத்தில் பார்த்து வருகிறவர்களும் கலக்கக் கலக்கக் கோடு கீழே இறங்கும். வீடியோ கெட்டுப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, கூட்டம் மாறியிருக்கிறது. அதனால் எந்த வீடியோவானாலும் ஏறி ஒரு வாரம் ஆன நிலையில்தான் எடுத்து, இன்னொரு வீடியோவின் அதே ஒரு வார நிலையோடு வைத்துப் பார்ப்பேன். வியூஸ் சில நூறாவது சேராத வீடியோவை ஒப்பிடவே மாட்டேன். ஐம்பது வியூஸ் உள்ள வீடியோவில் ஒருவர் எழுந்து போனால் கோடு இரண்டு சதவீதம் இறங்கும். அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்திருக்கலாம்.

கிராஃபைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீடியோவை ஒருமுறை ஓட்டி, எந்த நேரத்தில் திரையில் என்ன இருக்கிறது, அக்கா என்ன சொல்கிறார் என்று ஒரு ஷீட்டில் எழுதிக்கொள்வேன். அதிகமில்லை, ‘2:20 லைனிங் நனைப்பது’, ‘5:30 கைக்குழி வளைவு’ என்கிற அளவுக்குத்தான். கிராஃபைப் பார்த்த பிறகு எழுதினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு காரணத்தை மனசு தானாகவே ஜோடித்துவிடும். முதலிலேயே எழுதி வைத்தால் கொஞ்சம் யோக்கியமாக இருக்க முடிகிறது.

அதன் பக்கத்துப் பத்தியில் கிராஃபின் சதவீதங்கள். யூடியூபின் அனலிடிக்ஸ் ஏபிஐ வழியாக எடுத்தால் வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதை நூறு பங்காக்கித்தான் தரும். `elapsedVideoTimeRatio` என்ற பெயரில் 0.01 முதல் 1.0 வரை இடம், `audienceWatchRatio` என்ற பெயரில் அந்த இடத்தின் அளவு. பதினான்கு நிமிட வீடியோ என்றால் 840 நொடி, ஒரு பங்குக்கு எட்டரை நொடி சுமார். கிராஃபைப் படிக்கிறவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. ‘5:34-ல் நீங்கள் இருமிய உடனே போய்விட்டார்கள்’ என்று நொடிக்கணக்கில் பேச இந்த எண்களில் இடமில்லை. மூன்று நொடித் தடுமாற்றம் எட்டரை நொடிக்குள் கரைந்துவிடும். குறுகிய வீடியோவில் கூர்மையாகப் பார்க்கலாம், நீளமான வீடியோவில் மங்கலாகத்தான் தெரியும்.

மூன்றாவது பத்தியில் ஒரே ஒரு வகுத்தல்:

```
=B3/B2
```

ஒவ்வொரு இடத்தின் சதவீதத்தையும் அதற்கு முந்தைய இடத்தின் சதவீதத்தால் வகுப்பது. இது எதற்கென்றால், கண்ணுக்குக் கோட்டின் செங்குத்துதான் தெரிகிறது, ஆனால் கோட்டின் தொடக்கத்தில் இறங்கும் எட்டுப் புள்ளியும் நடுவில் இறங்கும் எட்டுப் புள்ளியும் ஒன்றல்ல. 80-லிருந்து 72-க்கு இறங்கினால் அங்கிருந்தவர்களில் பத்தில் ஒருவர் போயிருக்கிறார். 32-லிருந்து 24-க்கு இறங்கினால் நாலில் ஒருவர் போயிருக்கிறார். கிராஃபில் இரண்டும் ஒரே உயரப் படி. இரண்டாவதுதான் ஆபத்து: இவ்வளவு தூரம் பொறுமையாக வந்தவர்களை அங்கே ஏதோ ஒன்று கிளப்பி விட்டிருக்கிறது. வகுத்து வைத்தால் அது 0.75 என்று தனியாக நின்று தெரியும்.

முதல் அரை நிமிடத்தைப் பற்றி நிறையப் பேர் நிறையப் பேசிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டுடியோவே 0:30-ல் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று தனியாக எடுத்துக் காட்டுகிறது. அங்கே விழுவது எல்லா வீடியோவுக்கும் விழும், தப்பித் தட்டியவர்களும் அதில் உண்டு. நாங்கள் செய்தது சுழலும் லோகோவையும் வணக்கத்தையும் எடுத்துவிட்டு, தைத்து முடித்த பிளவுஸை முதல் ஷாட்டாக வைத்து, ‘34 மார்பளவுக்கு வெட்டப் போகிறோம்’ என்று அளவைச் சொல்லித் தொடங்கியது. 38 அளவு வேண்டியவர் உடனே போய்விடுவார், போகட்டும். தம்னெயிலில் சொன்னது முதல் பத்து நொடிக்குள் திரையில் வந்துவிட வேண்டும் என்பதற்கு மேல் அந்த அரை நிமிடத்தில் எனக்குப் பெரிய ரகசியம் எதுவும் அகப்படவில்லை.

இனி அந்த 34 அளவு வீடியோ. லைனிங் பிளவுஸ் கட்டிங், நீளம் பதினான்கு நிமிடம். ஒரு வாரத்தில் கோடு ஏறத்தாழ இப்படி இருந்தது. அரை நிமிடத்தில் 61. இரண்டாவது நிமிடத்தில் 52. 2:20-ல் லைனிங் துணியை நனைத்துக் காய வைத்து அயர்ன் பண்ணும் பகுதி தொடங்கியதும் 38-க்குப் போய், மூன்றாவது நிமிடத்தில் துணியை நாலாக மடிக்கும்போது 49-க்கு ஏறி வந்தது. பிறகு நிதானமான இறக்கம், 5:30-க்கு முன்னால் 44. கைக்குழி வரையும் இடத்தில் 58-க்கு எழும்பியது. அதற்குப் பின் 40, பிறகு 37. 8:10-ல் 28-க்கு ஒரே படியாக இறங்கி, அதன்பின் ஏறவே இல்லை. கடைசியில் 15 சுமார். மொத்தச் சராசரி 37 சதவீதம், நேரமாகச் சொன்னால் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல்.

ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு படி. மூன்றுக்கும் மூன்று வேறு பதில்.

அக்காவுக்கு அனுப்பினதும் போன் வந்தது. “தம்பி, கைக்குழி நல்லாப் போயிருக்குதுங்களே. அடுத்ததுல அதை இன்னும் விளக்கமாச் சொல்லிரலாமா?” மேடு என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஸ்டுடியோவும் மேட்டை நல்ல செய்தி போலத்தான் காட்டும். பாட்டுக்கும் சினிமா டிரெய்லருக்கும் அது சரிதான், பிடித்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள். பிளவுஸ் வெட்டுகிறவர் கைக்குழியை ரசித்துத் திரும்பப் பார்க்க மாட்டார். மேட்டுக்கு முன்னால் பள்ளம் இல்லை, ஆகவே யாரும் தாவி வரவில்லை. பின்னால் இழுத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று தெரிய அந்த இடத்தை நானே சத்தத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். அக்கா வலது கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு தோள் முனையிலிருந்து வளைவை இழுக்கிறார். கேமரா மேலே இருக்கிறது. வளைவு விழும்போது அவருடைய மணிக்கட்டு சரியாக அதை மறைக்கிறது. கை விலகும்போது வளைவு முடிந்திருக்கிறது, அது எங்கிருந்து உள்ளே வாங்கியது என்று தெரியவில்லை. அதே மூச்சில், “முன்பக்கத்துக்கு இதுல இருந்து அரை இஞ்ச் சேர்த்து உள்ள வெட்டோணும்” என்று முன்பக்கத்துக்கான அளவையும் சொல்லிவிடுகிறார். திரையில் இருப்பதோ பின்பக்கம். கீழே கமென்ட்டில் வந்த கேள்விகளில் பாதி, அந்த அரை இஞ்ச் இப்போதே சேர்க்க வேண்டுமா என்பதுதான்.

கிராஃப் இடத்தைச் சொன்னது. காரணத்தைச் சொன்னது அந்தக் கேள்விகளும் மணிக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல், மேடு எழுந்ததே என்று கைக்குழியை இரண்டு நிமிடத்துக்கு நீட்டியிருந்தால், அதே மணிக்கட்டு இரண்டு நிமிடம் மறைத்திருக்கும்.

இந்த மேடுகள் தாமாகப் பெருகவும் செய்யும். 2022 முதல் யூடியூப் பிளேயரின் நேரக்கோட்டில், அதிகம் திரும்பப் பார்க்கப்பட்ட இடத்தைச் சாம்பல் நிற அலையாகப் பார்க்கிறவர்களுக்கே காட்டுகிறார்கள். போதுமான வியூஸ் சேர்ந்த வீடியோவில் அந்த அலை தெரிய ஆரம்பித்தால், புதிதாக வருகிறவர் அங்கே விரலை வைத்துத் தாவுகிறார். இப்போது மேட்டுக்கு முன்னால் பள்ளமும் விழ ஆரம்பிக்கும். ஆகவே பழைய வீடியோவின் மேட்டை வைத்துக் காரணம் தேடுவதைவிட, ஒரு வாரத்து மேட்டை வைத்துத் தேடுவது நல்லது. சாப்டர் பிரித்துப் போட்ட வீடியோக்களிலும் இதே சிக்கல். ஒவ்வொரு சாப்டரின் தொடக்கத்திலும் ஒரு சிறு மேடு, அதற்கு முன் ஒரு சிறு பள்ளம் என்று கோடு ரம்பப் பல்லாகிவிடும். அதை உள்ளடக்கத்தின் குறை என்று படிக்கக் கூடாது.

அடுத்து 8:10-ல் விழுந்த படி. வகுத்துப் பார்த்தால் 37-லிருந்து 28, அங்கிருந்தவர்களில் நாலில் ஒருவர் போய்விட்டார். வீடியோவின் மிக மோசமான இடம் இதுதான், கண்ணுக்கு 2:20-ன் பள்ளம் பெரிதாகத் தெரிந்தாலும். அங்கே இறங்கியது ஏறி வந்துவிட்டது, இங்கே இறங்கியது ஏறவே இல்லை. என் குறிப்பில் அந்த நேரத்துக்கு எழுதியிருந்தது: ‘பின்பக்கம் வெட்டி முடிந்தது. அவ்வளவுதாங்க.’

பின்பக்கத் துண்டை வெட்டி, தூக்கிக் காட்டி, மேஜையில் தட்டி வைத்து, அக்கா “அவ்வளவுதாங்க” என்கிறார். இரண்டு நொடி மௌனம். பிறகு முன்பக்கத்துக்குப் போகிறார். வீடியோவில் இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது, டாட் பிடிப்பதும் பட்டி வெட்டுவதும் எல்லாம் அதற்குள்தான். கேட்கிறவருக்கு அது முடிந்தது போலவே இருக்கிறது. இது என் ஊகமாகவே இருந்திருக்கும், ஸ்டுடியோவில் கோட்டைப் பார்வையாளர் வகைப்படி பிரித்துப் பார்க்கும் வசதி இல்லாவிட்டால். சப்ஸ்கிரைப் செய்தவர்களின் கோடு 8:10-ல் லேசாகத்தான் சாய்ந்தது. செய்யாதவர்களின் கோடுதான் படியாக விழுந்தது. அக்காவின் வீடியோவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முன்பக்கம் வரும் என்று தெரியும். அவர் “அவ்வளவுதாங்க” என்பதை ஒவ்வொரு துண்டுக்கும் சொல்வார் என்றும் தெரியும். புதிதாக வந்தவர், அக்கா விடைபெற்றுக்கொண்டார் என்று நினைத்துப் போய்விட்டார்.

இதே பிரிவை 2:20-க்குப் போட்டால் படம் தலைகீழ். நனைப்பதையும் அயர்ன் பண்ணுவதையும் தாண்டிப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருகிற பழையவர்கள். அவர்களுக்கு இது தெரியும், வேறு வீடியோவில் பார்த்துவிட்டார்கள். புதியவர்களின் கோட்டில் அங்கே ஆழமான பள்ளம் இல்லை. மொத்தக் கோட்டை மட்டும் பார்த்து வெட்டியிருந்தால், யாருக்கு அது தேவையோ அவர்களிடமிருந்து பிடுங்கியிருப்போம். லைனிங் காட்டன் தண்ணீர் பட்டால் சுருங்கும். நனைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் மட்டும் உள்ளே இழுத்து மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அக்காவிடம் சரி செய்யக் கொண்டுவரப்படும் ஜாக்கெட்டுகளில் இந்த வகை அடிக்கடி வரும். “அதை மட்டும் எடுத்துராதீங்க தம்பி, அப்புறம் என்னையத்தான் திட்டுவாங்க” என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டார்.

அடுத்த வீடியோ 36 அளவு. நீளமும் கிட்டத்தட்ட அதே பதினான்கு நிமிடம் இருக்கட்டும் என்று முன்பே முடிவு செய்தோம். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. வீடியோவைச் சுருக்கினாலே சதவீதம் ஏறிவிடும். பதினான்கு நிமிடத்தில் 37 சதவீதம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல், ஒன்பது நிமிடத்தில் 50 சதவீதம் என்றால் நாலரை நிமிடம்தான். கிராஃப் அழகாகிவிட்டதே என்று சேனல்காரர் மகிழ்வார், பார்த்த நேரம் குறைந்திருக்கும். 2012-ல் யூடியூப் வெறும் வியூஸை விட்டுப் பார்த்த நேரத்துக்குக் கூடுதல் எடை கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து இந்தச் சதவீதத்தையும் நேரத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டு வீடியோவின் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டுமானால் நீளம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவும் நம்முடைய அதே நீளமுள்ள கடைசிப் பத்து வீடியோக்களோடுதான் ஒப்பிட்டு, வழக்கத்துக்கு மேலா கீழா என்று சொல்கிறது. யூடியூபில் உள்ள அதே நீளமுள்ள எல்லா வீடியோக்களோடும் ஒப்பிடும் கோடு ஒன்றும் உண்டு. அதை நான் பார்ப்பதில்லை. அதில் பேய்க்கதையும் கிரிக்கெட்டும் சேர்ந்திருக்கும், அவற்றோடு கைக்குழிக்கு என்ன போட்டி.

இன்னொரு கேள்வியும் வந்தது. ஒரே வீடியோவில் இரண்டு மூன்று மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? மாற்றங்கள் வேறு வேறு இடத்தில் இருந்தால் தெரியும், அதற்குத்தான் அந்த வகுத்தல் பத்தி. முன்னால் ஒரு மாற்றம் செய்து கூடுதலாக ஆட்களைப் பிடித்து வைத்தால், பின்னால் உள்ள எல்லா இடத்திலும் சதவீதம் தானாக உயர்ந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் அங்கிருந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பார்த்தால், அந்த இடத்தின் மாற்றத்துக்கு மட்டுமான பதில் கிடைக்கும். தம்னெயில், தலைப்பு இவற்றின் பாணியை மட்டும் அதே சமயத்தில் மாற்றாமல் வைத்தோம். அவை மாறினால் வருகிற கூட்டமே மாறிவிடும், பிறகு எந்தக் கோட்டையும் எதோடும் வைத்துப் பார்க்க முடியாது.

கைக்குழிக்கு மேஜையின் எதிர்ப்பக்கம் இரண்டாவது போன் வைத்தோம், சாய்வாக. அக்காவின் கை அந்தப் பக்கமிருந்து மறைப்பதில்லை. வளைவைத் தொடங்கும் புள்ளி, உள்ளே வாங்கும் புள்ளி, முடியும் புள்ளி என்று மூன்றை முதலில் சாக்பீஸால் குறித்துவிட்டுப் பிறகு இழுக்கச் சொன்னேன். அளவு எண்ணைத் திரையில் எழுத்தாகப் போட்டு, கோடு முடியும் வரை எடுக்காமல் விட்டேன். முன்பெல்லாம் இரண்டு நொடியில் மறைந்துவிடும்படி போடுவேன், எடிட்டிங்கில் அது சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் பார்க்கிறவர் ஒரு கையில் இஞ்ச் டேப்பும் மறு கையில் துணியுமாக இருக்கிறார், நிமிர்ந்து பார்க்கும்போது எண் அங்கே இருக்க வேண்டும். 36-ல் நாலில் ஒரு பங்கு ஒன்பது, தையலுக்கும் பிரித்து விடுவதற்கும் ஒன்றரை, ஆகப் பத்தரை என்ற மார்புக் கணக்கையும் அதே மாதிரி நிற்க வைத்தேன். முன்பக்கத்து அரை இஞ்சைப் பின்பக்கத்தில் பேசவே இல்லை, முன்பக்கம் வந்தபோது சொன்னார்.

“அவ்வளவுதாங்க”வை எடுக்கச் சொன்னால் அக்காவால் முடியவில்லை. வாய்ப்பழக்கம். அதனால் எடிட்டிங்கில் அதை வெட்டி, பின்பக்கத் துண்டைத் தூக்கிக் காட்டும்போதே முன்பக்கத் துணி மேஜையில் விரிகிற ஷாட்டுக்குத் தாவினேன். பின்பக்கத் துண்டை அதன்மேல் வைத்து வெட்டப் போகிறோம் என்று அவர் சொல்கிற குரலை ஐந்தாறு நொடி முன்னாலேயே கொண்டுவந்து, பழைய ஷாட்டின் மேல் ஓடவிட்டேன். ஒரு வேலை முடிகிற இடமும் அடுத்த வேலை தொடங்குகிற இடமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், எழுந்து போக இடைவெளி கிடைப்பதில்லை. 34 அளவு வீடியோவிலும் அந்த இரண்டு நொடி மௌனத்தை ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே வெட்டி எடுத்தேன். ஏற்கெனவே ஏற்றிய வீடியோவில் வெட்டலாம், லிங்க்கும் வியூஸும் அப்படியே இருக்கும். புதிதாக ஒரு ஷாட்டைச் செருகத்தான் முடியாது. அதனால்தான் மேட்டுக்கான மருந்தை எப்போதும் அடுத்த வீடியோவில்தான் கொடுக்க முடிகிறது.

ஒரு வாரம் கழித்து 36-ன் கோடு வந்தது. கைக்குழியில் மேடு இல்லை, லேசான வீக்கம் மட்டும். அக்காவுக்கு முதலில் வருத்தம், நல்ல இடம் போய்விட்டதே என்று. ஷீட்டைக் காட்டினேன். போன முறை கைக்குழிக்கு முன் 44, பின் 40, அதாவது திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் அலுத்துப்போய் அங்கேயே விட்டிருக்கிறார்கள். இந்த முறை முன் 45, பின் 44. மேடு தணிந்ததும் அதற்குப் பின்னிருந்த சரிவும் தணிந்தது. சொல்லிக்கொடுக்கும் வீடியோவில் நான் தேடுவது இந்தச் சமதளத்தைத்தான். அந்த அரை இஞ்ச் கேள்வியும் கமென்ட்டில் அபூர்வமாகிவிட்டது. பின்பக்கம் முடியும் இடத்தில் படி முழுக்கப் போகவில்லை, ஆனால் நாலில் ஒருவர் போனது பத்தில் ஒருவர் என்று ஆனது. அந்தப் பத்தில் ஒருவர் பின்கழுத்து டிசைனுக்காக மட்டும் வந்தவராக இருக்கலாம். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, போகத்தான் செய்வார். மொத்தச் சராசரி 42 சதவீதம்.

இதற்கிடையே இன்னொன்றும் முயன்று பார்த்தோம். எல்லா அளவுகளையும் ஒரே அட்டவணையாக வேறொரு வீடியோவின் கடைசியில் போட்டோம். கோட்டின் நடுப்பகுதி குழிந்து, கடைசியில் பெரிய மேடு. வருகிறவர்கள் நேராகக் கடைசிக்குத் தாவி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சராசரி விழுந்தது. நான் அதை எடுத்துவிடலாம் என்றேன். அக்கா ஒப்பவில்லை. “படம் புடிச்சுட்டுப் போறவ நாளைக்கு வேற அளவு தைக்கறப்ப திரும்ப இங்கதான வருவா?” என்றார். திரும்பி வருகிறவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் அவர் சொல்வது பொய்யென்று காட்ட என்னிடம் எதுவுமில்லை. அட்டவணை இருக்கிறது. அந்த மேட்டை மட்டும் கணக்கில் சேர்க்காமல் ஷீட்டில் சாம்பல் நிறம் பூசி வைத்திருக்கிறேன்.

லைனிங் நனைப்பதுதான் மிச்சம். தனிப் பகுதியாக நாற்பது நொடி இருக்கும்வரை பழையவர்கள் தாண்டத்தான் செய்வார்கள், தாண்டும்போது அவர்களோடு சேர்ந்து சில புதியவர்களும் பழகிக்கொள்வார்கள். 36-ல் அதைப் பதினைந்து நொடியாகக் குறைத்துப் பார்த்தோம், பள்ளம் அகலம் குறைந்தது, ஆழம் அப்படியேதான் இருந்தது. இப்போது 38 அளவு ரெக்கார்ட் ஆகிறது. இதில் நனைப்பதற்கென்று தனி இடமே இல்லை. மூன்று புள்ளி குறித்துக் கைக்குழி வளைவை இழுக்கிற அந்த நேரத்தில், எல்லாரும் கண்ணெடுக்காமல் பார்க்கிற அந்த இடத்தில், கை கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே அக்கா சொல்வார்: “இது நனைச்சுக் காய வெச்ச லைனிங்ங்க. நனைக்காம வெட்டுனீங்கன்னா இந்த வளைவுதான் முதல்ல இழுக்கும்.” நனைக்கிற ஷாட் மூன்று நொடி, மூலையில் சின்னதாக. எட்டரை நொடிப் பங்குக்குள் அது தனியாகத் தெரியாது. பள்ளம் விழுகிறதா என்று கிராஃபில் பார்க்க முடியாது என்பதால், ஜாக்கெட் சுருங்கிவிட்டது என்று கேள்வி எத்தனை வருகிறது என்பதைத்தான் இந்த முறை எண்ணப் போகிறோம்.